கொடைக்கு வில்லுப்பாட்டு: பேசி முடிப்பது எப்படி?

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் அம்மன் கோயில் கொடை பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையில்தான் வரும். பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் பல ஊர்களுக்கு ஒரே செவ்வாய் அமைந்துவிடுகிறது. வில்லுப்பாட்டுக் குழுவுக்கு அந்த ஒரு நாள்தான் முதல். ஓர் ஊருக்குச் சம்மதம் சொல்லிவிட்டால், பிறகு எத்தனை ஊர் கேட்டாலும் போக முடியாது. சம்பளப் பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கணக்கு புரிவதற்காக ஓர் உதாரணம். அண்ணாவியோடு சேர்த்து ஆறு பேர் கொண்ட குழு. எண்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில் திங்கள் இரவு குடியழைப்பு, செவ்வாய் மதியக் கொடை, சாமக் கொடை என மூன்று வேளை பாட வேண்டும். அண்ணாவி 36,000 ரூபாய் கேட்கிறார். “நம்ம ஊரு சின்ன ஊரு அண்ணாச்சி, வரியே முழுசாப் பிரியல. இருபத்தெட்டுக்கு முடிச்சிருங்க” என்கிறார் கமிட்டிக்காரர்.

அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கொடைச் செலவு தலைக்கட்டு வரியில்தான் நடக்கிறது. ஆனால் அந்த 8,000 ரூபாய் யார் மடியிலிருந்து போகிறது என்று பாருங்கள். உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை வாசிப்பவரும் பின்பாட்டுக்காரரும் ஆளுக்கு 3,500 வாங்கினால் 17,500. வேன் வாடகை 6,000. வழிச் சாப்பாடு, டீ 1,500. ஆக 25,000 ரூபாய் அசையாத செலவு. அண்ணாவிக்கு மிஞ்ச வேண்டியது 11,000. இருபத்தெட்டுக்கு ஒப்புக்கொண்டால் மிஞ்சுவது 3,000. இரவெல்லாம் கதை சொல்லிக் குழுவை நடத்துகிறவர், ஜால்ரா தட்டுகிறவரைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். கமிட்டி பார்வையில் இது ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிய தள்ளுபடி. அண்ணாவிக்கோ வருமானத்தில் முக்கால் பங்கு போய்விடுகிறது. மொத்தமாக ஒரே தொகையாகப் பேசுவதால் இந்த இழப்பு எதிரே இருப்பவர் கண்ணில் படுவதே இல்லை.

எனவே வண்டியையும் சம்பளத்தையும் பிரித்துப் பேசுவது நல்லது. ஊரிலேயே யாரிடமாவது வேன் இருக்கும். கோயில் காரியம் என்றால் டீசல் செலவுக்கே தருவார்கள். “வண்டி உங்க பொறுப்பு, சம்பளம் முப்பது” என்றால் அண்ணாவிக்கு அதே 11,000 நிற்கும். இதில் கவனிக்க வேண்டியது திரும்பும் பயணம். அழைத்து வர வண்டி சரியாக வந்துவிடும். சாமக் கொடை முடிந்த விடியலில் டிரைவரைத் தேட வேண்டியிருக்கும். மறுநாள் வேறு ஊரில் நிகழ்ச்சி இருந்தால் அதுவும் கெடும். புதன் காலை எத்தனை மணிக்கு வண்டி புறப்படும் என்பதை அப்போதே பேசிவிட வேண்டும்.

அப்படியும் கமிட்டி இருபத்தெட்டிலேயே நின்றால், வேலையும் குறையட்டும். குடியழைப்புக்கு மேளம் மட்டும் போதும், நாங்கள் செவ்வாய் காலை வருகிறோம் எனலாம். திங்கள் இரவு இல்லாததால் பக்கப்பாட்டுக்காரர்கள் ஆளுக்கு 3,000 என்றால் ஒத்துக்கொள்வார்கள். அண்ணாவிக்கு 11,500 நிற்கும். மூன்று வேளையும் பாடிவிட்டு விலையை மட்டும் குறைத்தால், அடுத்த வருடம் அதுவே அந்த ஊரின் விலையாகிவிடும். “மேடையில ஊர்க்காரங்க அன்பளிப்பு தருவாங்க” என்ற பேச்சைச் சம்பளத்தில் சேர்க்கவே கூடாது. அது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

தொகையைவிட அதிகமாகச் சண்டை வருவது எப்போது கொடுப்பது என்பதில்தான். வெற்றிலை பாக்கோடு ஆயிரம் ரூபாய் அச்சாரம் கொடுத்து முடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கமிட்டி பின்வாங்கினால் அந்த ஆயிரம், போன செவ்வாய்க்கு ஈடாகாது. நாலில் ஒரு பங்கு, அதாவது 7,000 ரூபாய், நாளைக் குறிக்கும்போதே வர வேண்டும். பாதி, மதியக் கொடைக்கு முன். மீதியை நிகழ்ச்சிக்குப் பிறகு என்று விடுவது ஆபத்து. விடியலில் பொருளாளர் வீட்டில் தூங்குவார். சாவி அவரிடம் இருக்கும். ஆகவே வாழி பாடத் தொடங்கும் முன் மீதி கைக்கு வந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இரண்டு இடைஞ்சல்களையும் பேசித் தீர்க்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத் தடை உண்டு. சிறப்பு அனுமதி இல்லாமல் போலீஸ் நிறுத்தினால் சாமக் கொடைக்கான பணம் குறையக் கூடாது, ஏனென்றால் அனுமதி வாங்குவது கமிட்டி வேலை. ஊரில் துஷ்டி விழுந்து கொடை தள்ளிப்போனால் அது யார் தவறும் அல்ல; முன்பணம் புதிய தேதிக்குச் சேரும், அந்தத் தேதியில் குழு வேறு ஊருக்கு ஒப்புக்கொண்டிருந்தால் பாதியைத் திருப்பித் தரலாம். இதையெல்லாம் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை. ஜிபேயில் முன்பணம் வந்த அன்றே, நாள், வேளை, தொகை, வண்டி, மீதி தரும் நேரம் ஐந்தையும் வாட்ஸப்பில் அனுப்பி, கமிட்டிக்காரரிடம் ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொண்டால் போதும்.