புலனத்தில் வரும் மலாய்ச் செய்தி: எந்த மொழிபெயர்ப்பு கைப்பேசிக்குள் நடக்கிறது, எது வெளியே போகிறது?

கெடாவில் பள்ளி, கிளினிக், வேலையிடம் என எங்கிருந்து செய்தி வந்தாலும் அது பெரும்பாலும் புலனம் எனப்படும் வாட்ஸ்அப் குழுவில், மலாயில்தான் வருகிறது. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இன்னும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளை பள்ளி முடிந்து வரும்வரை அந்தச் செய்தி வாசிக்கப்படாமலே கிடக்கும். வரும் செய்திகளைத் தானாகவே மொழிபெயர்க்கும் வசதி இப்போது வந்திருப்பதால், "அதைத் தட்டிவிட்டால் எல்லாம் தமிழில் வருமா?" என்று பலர் கேட்கிறார்கள். சில செயலிகளில் வரும், சிலவற்றில் வராது. வரும் இடத்தில், அந்தச் செய்தி உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

புலனத்தில் உள்ள வசதி

புலனம் தன் மொழிபெயர்ப்பு வசதியை 2025 செப்டம்பர் 23 அன்று அறிவித்தது. ஒரு செய்தியை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் Translate என்று இருக்கும். அதைத் தட்டி, எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் தடவை அந்த மொழிக்கான கோப்பு கைப்பேசியில் இறங்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இன்னொரு வசதியும் உண்டு. ஓர் உரையாடல் முழுவதற்கும் தானியங்கி மொழிபெயர்ப்பை இயக்கிவிடலாம். அதன்பின் அந்த உரையாடலில் புதிதாக வரும் செய்திகள் எல்லாம் மொழிபெயர்க்கப்பட்டே தெரியும். ஏற்கெனவே வந்தவற்றை ஒவ்வொன்றாக அழுத்தித்தான் பார்க்க வேண்டும்.

இந்த மொழிபெயர்ப்பு முழுவதும் கைப்பேசிக்குள்ளேயே நடக்கிறது. புலனத்தின் செய்திகள் அனுப்புபவரின் கைப்பேசியில் பூட்டப்பட்டு, பெறுபவரின் கைப்பேசியில்தான் திறக்கின்றன. நடுவில் உள்ள நிறுவனத்தின் கணினியால் அவற்றை வாசிக்க முடியாது. மொழிபெயர்ப்பை அந்தக் கணினியில் செய்வதாக இருந்தால், பூட்டைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் மொழிக்கோப்பை உங்கள் கைப்பேசியிலேயே இறக்கி, பூட்டு திறந்த பிறகு அங்கேயே பெயர்க்கிறார்கள்.

நமக்கு இதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அறிமுகமானபோது ஆண்ட்ராய்டில் இருந்தவை ஆங்கிலம், ஸ்பானியம், இந்தி, போர்த்துகீசியம், ரஷ்யம், அரபு ஆகிய ஆறு மொழிகளே. ஐபோனில் 19 மொழிகள் இருந்தன. அந்த இரண்டு பட்டியலிலும் தமிழும் இல்லை, மலாயும் இல்லை. ஐபோனில் இந்தோனேசிய மொழி இருந்தது. அது மலாய்க்கு நெருங்கியதுதான், ஆனாலும் பெயர்ப்பு தமிழில் வராதே! பட்டியலில் மொழிகள் சேர்ந்துகொண்டே வரலாம் என்பதால், Translate தட்டும்போது உங்கள் கைப்பேசியில் தெரியும் பட்டியலைப் பாருங்கள். Tamil, Malay இரண்டும் அங்கே இருந்தால் மட்டுமே புலனத்துக்குள் வேலை முடியும்.

தமிழ் வேண்டுமென்றால் இப்போதைய வழிகள்

டெலிகிராம் பயன்படுத்துபவர்களுக்கு மொழிபெயர்ப்பு 2021 டிசம்பரிலேயே வந்துவிட்டது. Settings-இல் Language பக்கத்துக்குப் போய், Show Translate Button என்பதை இயக்க வேண்டும். அதன்பின் செய்தியைத் தட்டினால் Translate வரும். அதே பக்கத்தில் Do Not Translate என்று ஒன்று இருக்கும். நீங்களே வாசிக்கும் மொழிகளுக்கான பட்டியல் அது. அதில் Malay சேர்ந்திருந்தால் மலாய்ச் செய்திக்கு அந்தப் பொத்தான் வராது. உரையாடல் முழுவதையும் தானாகப் பெயர்க்கும் வசதியை டெலிகிராம் 2023 பிப்ரவரியில் கட்டணச் சந்தாதாரர்களுக்குக் கொடுத்தது. இங்கே பெயர்ப்பு இணையம் வழியாக நடக்கிறது. நீங்கள் பெயர்க்கும் வரி கைப்பேசியை விட்டு வெளியே போய்த்தான் தமிழாகித் திரும்பி வருகிறது.

புலனத்தில் வரும் செய்திக்கு, அதை நகல் எடுத்து கூகுள் மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டுவதுதான் எளிய வழி. இந்தச் செயலி இணையத்திலும் வேலை செய்யும், இணையம் இல்லாமலும் வேலை செய்யும். இணையம் இல்லாமல் வேண்டுமென்றால், செயலியின் மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தட்டி, Downloaded languages என்பதில் தமிழையும் மலாயையும் இறக்கிக்கொள்ள வேண்டும். Malay, Malayalam என்ற இரு பெயர்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நமக்கு வேண்டியது முதலாவது.

பலர் ஏமாறும் இடம் இதுதான். மொழியை இறக்கி வைத்துவிட்டால் இனி எல்லாம் கைப்பேசிக்குள்ளேயே நடக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இணையத் தொடர்பு இருக்கும்வரை செயலி ஒட்டிய வரியை இணையத்துக்கே அனுப்பும். இறக்கிய கோப்பு, தொடர்பு அறுந்தால்தான் வேலைக்கு வரும்.

எந்தச் செயலியையும் சோதிக்க ஒரே வழி போதும். Airplane mode-ஐ இயக்குங்கள். வைஃபை தனியாக இன்னும் எரிகிறதா என்று பார்த்து அதையும் அணையுங்கள். இப்போது மொழிபெயர்ப்பைத் தட்டுங்கள். தமிழ் வந்தால், அது உங்கள் கைப்பேசிக்குள் நடந்தது. இணையம் இல்லை என்ற அறிவிப்பு வந்தால், இதுவரை அந்தச் செயலி உங்கள் செய்திகளை வெளியே அனுப்பித்தான் பெயர்த்திருக்கிறது.

பள்ளி விடுமுறை அறிவிப்பு வெளியே போனால் ஒன்றும் குறைந்துவிடாது. கிளினிக் செய்தி அப்படியல்ல. அதில் உங்கள் முழுப் பெயர், அடையாள அட்டை எண், எந்த நோய்க்கு எந்த நாளில் வர வேண்டும் என்பது எல்லாம் சேர்ந்திருக்கலாம். முழுச் செய்தியையும் நகல் எடுத்து ஒட்டினால் அத்தனையும் சேர்ந்தே போகும். அப்படிப்பட்ட செய்திக்கு Airplane mode போட்டு, இறக்கி வைத்த மொழியில் பெயர்த்துக்கொள்ளுங்கள். வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணை எந்தச் செயலியிலும் ஒட்ட வேண்டாம்.

ஒரு செய்தியைப் பெயர்த்துப் பார்ப்போம்

கைப்பேசிக்குள் பெயர்த்தால் பாதுகாப்பு உண்டு, ஆனால் தரம் சற்றுக் குறையும். ஒரு மொழிக்கு ஏறக்குறைய 30 எம்பி அளவுள்ள கோப்புதான் இறங்குகிறது. இந்தக் கோப்புகள் எளிய, அன்றாட வரிகளுக்கானவை என்றே கூகுள் தன் விளக்கக் குறிப்பில் சொல்கிறது. இன்னொன்றும் அதில் இருக்கிறது: இரண்டு மொழிகளில் எதுவும் ஆங்கிலம் இல்லையென்றால், ஆங்கிலத்தை நடுவில் வைத்தே பெயர்க்கும். அதாவது மலாய் நேராகத் தமிழாவதில்லை. முதலில் ஆங்கிலமாகி, பிறகு தமிழாகிறது.

இதனால் என்ன ஆகும்? பள்ளிக் குழுவில் வழக்கமாக வரும் வடிவில் ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம்.

```
Esok murid Tahun 2 x perlu dtg.
Kelas ganti hari Sabtu.
Tambang bas kami bayar dulu.
```

இதன் பொருள்: நாளை 2ஆம் ஆண்டு மாணவர்கள் வர வேண்டியதில்லை. மாற்று வகுப்பு சனிக்கிழமை. பேருந்துக் கட்டணத்தை முதலில் நாங்கள் கட்டிவிடுகிறோம். கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதால் மாற்று வகுப்பு சனிக்கிழமைக்குப் போகிறது.

முதல் வரியில் உள்ள x என்பது tak, அதாவது "இல்லை". குறுஞ்செய்தி எழுதும் மலேசியர் எல்லாருக்கும் அது தெரியும். இயந்திரம் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு விட்டுவிட்டால் மிஞ்சுவது "மாணவர்கள் வர வேண்டும்" என்பதே. பொருள் நேர் எதிராகிவிடும், வாக்கியமோ பிழையே இல்லாததுபோல் நிற்கும். அதனால் பெயர்ப்பை வாசித்தபின் மூலத்தில் தனியாக நிற்கும் x, அல்லது xpayah, xboleh போன்று x-இல் தொடங்கும் சொல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால், ஒட்டிய இடத்தில் x-ஐ tidak என்றும் dtg-ஐ datang என்றும் மாற்றி எழுதி, மறுபடி பெயர்க்கச் செய்யுங்கள்.

மூன்றாவது வரியில் சிக்கல் வேறு வகை. மலாயில் kami என்றால் நாங்கள், கேட்பவர் அதில் சேரமாட்டார். kita என்றால் நாம், கேட்பவரும் சேர்வார். தமிழிலும் இதே வேறுபாடு அப்படியே இருக்கிறது. நடுவில் நிற்கும் ஆங்கிலத்தில் இல்லை, அங்கே இரண்டுக்கும் ஒரே சொல். எனவே kami என்பது ஆங்கிலமானதும் அந்த வேறுபாடு அழிந்துவிடுகிறது. தமிழுக்கு வரும்போது நாங்களா, நாமா என்று இயந்திரம் ஊகிக்கத்தான் முடியும். "நாங்கள் கட்டுகிறோம்" என்றால் பள்ளி பணம் போடுகிறது. "நாம் கட்டுவோம்" என்றால் நீங்களும் பணம் கொண்டுவர வேண்டும். பணம் பற்றிய வரி என்றால் மூலத்தில் kami இருக்கிறதா, kita இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்த இரண்டு சொற்களைத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

dia என்ற சொல்லும் இப்படித்தான். அவன், அவள், அவர் மூன்றுக்கும் மலாயில் அது ஒன்றே. ஆசிரியை ஒருவரைப் பற்றிய செய்தி தமிழில் "அவன்" என்று வந்தால், எழுதியவர் மரியாதைக் குறைவாக எழுதிவிட்டார் என்று கோபப்பட வேண்டியதில்லை.

கெடா பேச்சு வழக்கு இன்னொரு தடை. நண்பர் "Hang mai esok" என்று எழுதினால் "நீ நாளைக்கு வா" என்று நம் காதுக்கு உடனே புரிகிறது. hang, mai, pi, depa, awat போன்ற வடக்கு வழக்குச் சொற்கள் பாடநூல் மலாயில் இல்லாதவை. இவை உள்ள வரியைப் பெயர்க்கும்போது விடை விநோதமாக வரலாம். இப்படிப்பட்ட செய்திக்கு அனுப்பியவரிடமே ஒரு குரல்பதிவு கேட்பது சுலபம்.

சுருக்கமாகச் சொன்னால், புலனத்தின் பட்டியலில் தமிழும் மலாயும் வரும்வரை பொதுச் செய்திகளை இணைய வழியிலும், அடையாள எண்ணோ நோய் விவரமோ உள்ளவற்றை Airplane mode-இலும் பெயர்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் நாள், மணி, தொகை, "இல்லை" என்ற சொல் ஆகிய நான்கையும் மூலத்தோடு ஒப்பிட்ட பிறகே கிளம்புங்கள். பள்ளிக் குழுக்களை நடத்தும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் ஓர் உதவி செய்யலாம்: x, dtg என்று சுருக்காமல் tidak, datang என்று முழுதாக எழுதினால், தமிழில் வாசிக்கும் வீட்டுக்கும் செய்தி சரியாகப் போய்ச்சேரும்.