நாயின் சிறுநீரில் கிருமி: அது எங்கிருந்து வந்தது?

ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் பல தம்மோடு நாயையும் பூனையையும் கொண்டுவந்திருக்கின்றன. நாய் அடிக்கடி குந்தி, சொட்டுச் சொட்டாகச் சலம் போனாலோ, சலம் சிவந்திருந்தாலோ, மிருக வைத்தியர் முதலில் கேட்பது சிறுநீர்தான். பிலிமத்தலாவையில் இருப்போருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலை பஸ்ஸில் சிறிது தூரத்தில் உள்ளது. ஆனால் போத்தலில் கொண்டுபோகும் சிறுநீர் எப்படிப் பிடிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே பரிசோதனையின் முடிவுக்குப் பொருள் உண்டு.

பரிசோதனை எளிமையானது. சுமார் 5 மில்லிலீற்றர் சிறுநீரை ஒரு குழாயிலிட்டு, நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்று வேகத்தில் 5 நிமிடம் சுற்றுவார்கள். மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய மண்டியில் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் வைத்து, ஒளியைக் குறைத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அதில் கலங்கள், பளிங்குகள், பற்றீரியாக்கள், சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் வார்க்கப்பட்ட சிறு உருளைகள் ஆகியன தெரியக்கூடும். இவ்வுருளைகளை வார்ப்புகள் என்பர்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஆறு வயதுப் பெட்டை நாய் ஒன்று சிரமப்பட்டுச் சலம் கழிக்கிறது. வீட்டார் மாலையில் சீமெந்துத் தரையில் தேங்கியதை ஜாம் போத்தலில் எடுத்து, மறுநாள் காலை கொண்டுபோகிறார்கள். மண்டியில் பலவகைப் பற்றீரியாக்கள் நிறைய உள்ளன. பிரேதப் பெட்டி மூடி போன்ற ஸ்ட்ருவைட் பளிங்குகளும் நிறைய உள்ளன. வெண்கலங்களோ மிகச் சில.

இதிலிருந்து வைத்தியர் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பற்றீரியாக்கள் தரையிலிருந்தோ, நாயின் மயிரிலிருந்தோ, சிறுநீர்வழியின் வெளிமுனையிலிருந்தோ வந்து இரவு முழுவதும் பெருகியிருக்கலாம். சிறுநீர் ஆறும்போதும் நேரம் செல்லும்போதும் புதிதாகப் பளிங்குகள் உண்டாகும். அத்துடன் பழைய சிறுநீரில், அதுவும் அது காரமாக மாறினால், வெண்கலங்களும் வார்ப்புகளும் உடைந்து கரைந்துவிடும். அதாவது இல்லாதது தோன்றும், இருந்தது மறையும்.

ஆகவே வைத்தியர் வயிற்றின் வெளியிலிருந்து மெல்லிய ஊசியைச் செலுத்தி, சலப்பையிலிருந்தே சிறுநீரை எடுத்து உடனே பார்க்கிறார். இப்போது நுணுக்குக்காட்டியின் ஒவ்வொரு பார்வைப் புலத்திலும் இருபது முப்பது வெண்கலங்கள் தெரிகின்றன. பற்றீரியா ஒரே வகைக் கோல் வடிவம். பளிங்குகள் சிலவே. ஊசி சலப்பைக்குள் நேரே போனதால் தரையோ மயிரோ இதில் கலக்கவில்லை. எனவே இது சலப்பையிலுள்ள தொற்றுத்தான். சில செங்கலங்கள் மட்டும் ஊசி குத்தியதாலும் வரலாம் என்பதை மறக்கக் கூடாது. கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கவும் இந்தச் சிறுநீரையே, மருந்து தொடங்குமுன் அனுப்புவார்கள். ஊசியால் எடுத்ததில் வெண்கலமும் இல்லை, கிருமி வளரவும் இல்லை என்றிருந்தால், முதல் போத்தலை நம்பிக் கொடுத்த மருந்து வீணாகியிருக்கும்.

பற்றீரியா தெரியவில்லை என்றால் தொற்றே இல்லை என்பதும் சரியன்று. குறைந்த எண்ணிக்கையில் இருந்தால் அவை கண்ணில் படுவதில்லை. எலிக்காய்ச்சல் கிருமியோ சாதாரண நுணுக்குக்காட்டியில் தெரியவே தெரியாது. காய்ச்சலும் வாந்தியும் உள்ள நாயின் புதிய சிறுநீரில் மணிமணியான வார்ப்புகள் பல இருந்தால், சிறுநீரகக் குழாய்கள் சேதப்படுகின்றன என்று அறியலாம். எலிக்காய்ச்சல் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. கண்டி மாவட்டமும் பாதிக்கப்பட்டது. ஆகவே நோயுள்ள நாயின் சிறுநீரை வெறுங்கையால், அதுவும் கையில் புண் இருக்கும்போது, தொட வேண்டாம்.

வீட்டில் பிடிப்பதானால் இவற்றைக் கவனியுங்கள். கொதித்த நீரில் அலசிக் காயவைத்த, சவர்க்காரம் ஒட்டாத போத்தலை எடுங்கள். கம்பில் கட்டிய சுத்தமான அகப்பையால், முதற் சில துளிகளை விட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். பூனைக்கு மண் போடாத, கழுவி உலர்த்திய தட்டை வையுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோக முயலுங்கள். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அதைச் சொல்லிக் கொடுங்கள். குளிரிலும் பளிங்குகள் உண்டாகும். போத்தலில் பிடித்த நேரத்தையும் விதத்தையும் எழுதுங்கள்.

ஒன்று மட்டும் காத்திருக்காது. ஆண் பூனை முக்கி முக்கியும் சலம் போகவில்லை என்றால், சிறுநீர்வழி அடைபட்டிருக்கலாம். அப்போது போத்தலைத் தேடாமல் பூனையை அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்; இரண்டு மூன்று நாளில் அது இறந்துவிடக்கூடும்.