ஒரே பம்புக்கு இரண்டு லாப விகிதம்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் லோரியும் லியனார்டு சாவேஜும் 1955-ல் எழுதிய கட்டுரையில் எண்ணெய்க் கிணற்றுப் பம்பு ஒன்றின் கணக்கு வருகிறது. கிணற்றில் பம்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் 1,600 டாலர் செலவிட்டுப் பெரிய பம்பு போட்டால், இரண்டாம் ஆண்டு முடிவில் வரவேண்டிய 10,000 டாலர் எண்ணெயை முதல் ஆண்டு முடிவிலேயே எடுத்துவிடலாம். எண்ணெயின் அளவு கூடுவதில்லை, கைக்கு வரும் நேரம்தான் முந்துகிறது.

ஆகவே பெரிய பம்பால் வரும் மாற்றம் மூன்றே எண்கள்தான். இன்று 1,600 செலவு, ஓராண்டு கழித்து 10,000 வரவு, அதற்கடுத்த ஆண்டு 10,000 இழப்பு. பம்பு போடாதிருந்தால் அந்த ஆண்டு வந்திருக்கக்கூடிய தொகை இப்போது வராது என்பதால் அது இழப்பு.

இந்த முதலீடு ஆண்டுக்கு எத்தனை சதவீதம் தருகிறது என்று பார்க்க வழக்கமாக ஐ.ஆர்.ஆர். என்ற உள் வருவாய் விகிதத்தைக் கணக்கிடுவார்கள். எந்த வட்டி விகிதத்தில் எல்லா வரவு செலவுகளையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் கூட்டுத்தொகை பூஜ்யமாகிறதோ, அதுவே ஐ.ஆர்.ஆர். பம்புக் கணக்கில் 25 சதவீதத்திலும் பூஜ்யம் வருகிறது, 400 சதவீதத்திலும் பூஜ்யம் வருகிறது. கணிதப்படி இரண்டும் சரியான விடைகள்.

இப்படி ஆகலாம் என்பதைக் கணிதம் நெடுங்காலமாகவே அறியும். வரவு செலவு வரிசையில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் எத்தனை முறை மாறுகின்றனவோ, அதிகபட்சம் அத்தனை விடைகள் வரலாம் என்பது 17-ஆம் நூற்றாண்டில் தெக்கார்த் தந்த விதியிலிருந்து கிடைக்கும் முடிவு. முதலில் செலவு, பிறகு வரவு மட்டும் என்றால் குறி ஒரே முறை மாறும், விடையும் ஒன்றுதான். சுரங்கம் அப்படியல்ல. தொடக்கத்தில் பெரும் செலவு, நடுவில் வருமானம், கடைசியில் குழியை மூடி நிலத்தைச் சீராக்க மறுபடி செலவு. இடையில் இயந்திரத்தைப் புதுப்பிக்க ஒரு பெரிய தொகை போனால் குறி இன்னும் இரண்டு முறை மாறலாம்.

ஏன் இரண்டு விடை என்பது பணத்தை ஆண்டுவாரியாகத் தொடர்ந்து பார்த்தால் விளங்கிவிடும். முதலில் 25 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். 1,600 டாலர் ஓராண்டில் 2,000 ஆகிறது. அப்போது 10,000 வருகிறது. திட்டம் நமக்குத் தரவேண்டிய 2,000 போக 8,000 மிஞ்சுகிறது. அந்த 8,000 நம் லாபமல்ல, அடுத்த ஆண்டு 10,000 கொடுப்பதற்காகக் கையில் வைத்திருக்க வேண்டிய பணம். அது 25 சதவீதம் வளர்ந்தால் சரியாக 10,000 ஆகும், கணக்கு முடியும். இனி 400 சதவீதம். 1,600 ஓராண்டில் 8,000 ஆகிறது. 10,000-ல் அதைக் கழித்தால் 2,000. அந்த 2,000 இன்னும் 400 சதவீதம் வளர்ந்தால் 10,000.

இரண்டாம் ஆண்டு முழுக்க நாம் திட்டத்துக்குக் கடன்பட்டவர்களாக இருக்கிறோம். அந்த ஓராண்டு நம் கையில் இருக்கும் பணம் எங்கே, என்ன விகிதத்தில் வளரும் என்பதைத் திட்டம் சொல்லாது, வெளியுலகம்தான் சொல்ல வேண்டும். ஐ.ஆர்.ஆர். வெளியுலகத்தைக் கேட்பதே இல்லை. தான் கண்டுபிடித்த விகிதத்தையே அந்தப் பணத்துக்கும் பூட்டிவிடுகிறது. 400 சதவீதம் தரும் இடம் எங்கே இருக்கிறது? 1956-ல் இந்தப் புதிரை ஆராய்ந்த எஸ்ரா சாலமன் பிடித்த நூலும் இதுதான்: 10,000 டாலர் ஓராண்டு முன்னதாகக் கிடைப்பதால் உங்களுக்கு என்ன பயன்?

அந்தக் கேள்விக்கான பதிலைக் கணக்குக்குள் கொண்டுவருவதுதான் எம்.ஐ.ஆர்.ஆர்., அதாவது திருத்திய உள் வருவாய் விகிதம். அதில் இரண்டு விகிதங்களை நாமே தரவேண்டும். செலவுகளை நிதிச் செலவு விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும், வரவுகளை மறுமுதலீட்டு விகிதத்தில் கடைசி ஆண்டுவரை வளர்க்க வேண்டும். முதல் தொகை எந்தக் கூட்டு வட்டியில் இரண்டாம் தொகையாகிறது என்று பார்த்தால் ஒரே விடைதான் வரும்.

பம்புக்கு இரண்டு விகிதமும் 10 சதவீதம் என்று வைப்போம். இரண்டாம் ஆண்டின் 10,000 இன்றைய மதிப்பில் 8,264. அதோடு 1,600 சேர்த்தால் மொத்தச் செலவு 9,864. முதல் ஆண்டு வரும் 10,000 ஓராண்டு வளர்ந்து 11,000 ஆகும். 9,864 இரண்டு ஆண்டில் 11,000 ஆக வேண்டுமானால் ஆண்டுக்கு 5.6 சதவீதம் போதும். நாம் எதிர்பார்ப்பது 10, கிடைப்பது 5.6 என்பதால் பம்பு வேண்டாம். நிகர இன்றைய மதிப்பும் அதையேதான் சொல்கிறது: 10 சதவீதத்தில் 774 டாலர் நஷ்டம்.

எக்செல் வைத்திருப்பவர்கள் மூன்று எண்களையும் A1 முதல் A3 வரை, செலவுக்கும் இழப்புக்கும் கழித்தல் குறியோடு, இட்டுப் பார்க்கலாம்.

```
=IRR(A1:A3)
=IRR(A1:A3,3)
=MIRR(A1:A3,10%,10%)
```

முதல் வரி 25 சதவீதம் என்று சொல்லி நின்றுவிடும். இன்னொரு விடை இருக்கிறது என்று எச்சரிக்காது. இரண்டாம் வரியில் உள்ள 3 என்பது 300 சதவீதத்திலிருந்து தேடு என்ற யூகம். அதைக் கொடுத்தால் 400 வெளியே வரும். திட்ட அறிக்கையில் அச்சாகும் ஐ.ஆர்.ஆர். இப்படித் தேடல் எங்கே தொடங்கியது என்பதைப் பொறுத்தும் அமையலாம். இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

எம்.ஐ.ஆர்.ஆரிலும் கவனம் வேண்டும். நிதிச் செலவை 10 சதவீதத்திலேயே வைத்து, மறுமுதலீட்டு விகிதத்தை 7 என்று எழுதினால் விடை 4.1. அதையே 30 என்று எழுதினால் விடை 14.8. பம்பும் கிணறும் மாறவில்லை, ஒரு கட்டத்தில் இட்ட எண் மாறியது, நிராகரித்த திட்டம் தேறிவிட்டது. திட்டத்தை எப்படியும் நடத்திவிட நினைப்பவர் கைவைக்கும் இடம் இதுதான்.

கணக்கிடும் முறையும் ஒன்றல்ல. முதல் ஆண்டு வரவை 10 சதவீதத்தில் 11,000 ஆக்கி, கொடுக்க வேண்டிய 10,000-ஐ அங்கேயே கழித்துவிட்டால் மிச்சம் 1,000. 1,600 போட்டு 1,000 எடுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 21 சதவீத நஷ்டம். முன்பு வந்ததோ 5.6 சதவீத லாபம். 9,864-ஐ முதலாகக் கொள்கிறோமா, 1,600-ஐயா என்பதால் வரும் வித்தியாசம் இது. இரண்டுமே 10-க்குக் கீழே என்பதால் முடிவு மாறவில்லை. ஆகவே எம்.ஐ.ஆர்.ஆரை எதிர்பார்ப்பு விகிதத்துக்கு மேலா, கீழா என்று பார்க்கப் பயன்படுத்தலாம். வேறு அளவும் வேறு காலமும் கொண்ட இரண்டு திட்டங்களை அதை வைத்து வரிசைப்படுத்தக் கூடாது, அதற்கு நிகர இன்றைய மதிப்பே ஏற்றது.

மறுமுதலீட்டு விகிதத்தை யூகிக்கத் தயக்கமாக இருந்தால் கணக்கைத் திருப்பிப் போடலாம். 1,600 டாலரை 10 சதவீதத்தில் வேறெங்காவது போட்டிருந்தால் இரண்டு ஆண்டில் 1,936 ஆகியிருக்கும். அதோடு இழக்கும் 10,000-ஐயும் சேர்த்தால் 11,936. முதல் ஆண்டு வரும் 10,000 ஒரே ஆண்டில் 11,936 ஆக வளர்ந்தால்தான் பம்பு தகும், அதாவது 19.4 சதவீதத்துக்குக் குறையாமல் சம்பாதிக்க வேண்டும். அப்படிப்பட்ட இடம் கைவசம் இருக்கிறதா என்பது உரிமையாளருக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் முன் ஒரு திட்ட அறிக்கை வந்தால், வரவு செலவு வரிசையில் குறி எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் அதில் அச்சிட்டிருக்கும் ஐ.ஆர்.ஆரை ஒதுக்கிவிட்டு, இடையில் வரும் பணத்தை எங்கே போடப்போகிறார்கள், அது அந்த விகிதத்தில் வளரும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள்.