பத்து நிமிடத்துக்குள் ஒரு படம்

அமெரிக்காவில் 1974 முதல் நடந்துவரும் பள்ளி மாணவர்களுக்கான வரலாற்றுப் போட்டி, ‘நேஷனல் ஹிஸ்டரி டே’. அதன் ஆவணப்படப் பிரிவில் படம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. திரையில் முதல் படமோ ஒலியோ வந்ததுமே கடிகாரம் ஓடத் தொடங்கும். கடைசிப் படமும் ஒலியும் முடியும்போதுதான் நிற்கும். ஆகவே, தொடக்கத்தில் வரும் டைட்டில் கார்டும் இறுதியில் வரும் நன்றிப் பட்டியலும் இந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் அடங்க வேண்டும்.

மாணவர் குழு ஒன்று ஒரு கால்வாய் வெட்டப்பட்ட கதையை எடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தொகுப்பு 10 நிமிடம் 38 விநாடி. இதில் டைட்டில் கார்டு 8 விநாடி, நன்றிப் பட்டியல் 40 விநாடி. கார்டை 5 விநாடியாகவும் பட்டியலை 25 விநாடியாகவும் குறைத்தால் 10:20 வரும். கடைசி நேரப் பதற்றம் வேண்டாமென்றால் 9:55-இல் முடிப்பது நல்லது. இன்னும் 25 விநாடி குறைய வேண்டும்.

குரலை வேகமாக ஓடவிட்டுக் குறைப்பது தவறு. கேட்பவருக்குச் சொற்கள் பிடிபடாது. பின்னணிக் குரல் சொன்னதையே பேட்டி தருபவரும் சொல்லும் இடங்களைத் தேடுங்கள். அங்கே பின்னணிக் குரலை எடுத்துவிட்டுப் பேட்டியை மட்டும் வைத்தால் போதும். நிதானமான ஆங்கிலப் பேச்சில் 25 விநாடி என்பது ஏறத்தாழ 55 சொற்கள்; அப்படி இரண்டு மூன்று இடங்கள் கிடைத்தாலே கணக்கு நேராகிவிடும்.

டைட்டில் கார்டில் படத்தின் தலைப்பும் மாணவர் பெயர்களும் இருக்க வேண்டும். சில டிவிகள் படத்தின் ஓரங்களை வெட்டிக் காட்டும். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து சதவீதம் இடம் விட்டு எழுத்துகளை அமையுங்கள். கார்டு மறைவதற்குள் நிதானமாக இருமுறை படிக்க முடிந்தால் நேரம் போதும்.

அடுத்தது கோப்பு. எடிட்டிங் மென்பொருள் சேமிக்கும் திட்டக் கோப்பில் படம் இருக்காது. படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் இருக்கும். அதை அனுப்பினால் எதிர்முனையில் எதுவும் ஓடாது. படத்தை எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். நடத்துவோர் mp4 கேட்டிருக்க, கையில் mov இருந்தால், கோப்பின் பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. ffmpeg என்ற இலவச மென்பொருள் இப்படி மாற்றித் தரும்:

```
ffmpeg -i padam.mov -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p -c:a aac padam.mp4
```

எக்ஸ்போர்ட் ஆன கோப்பின் நீளத்தையும் பாருங்கள். 9:55 என்று நினைத்த படம் 12 நிமிடம் காட்டினால், டைம்லைனின் கடைசியில் எங்கோ ஒரு துண்டு தனியே கிடக்கிறது என்று பொருள். அதை நீக்கிவிட்டு மீண்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பிறகு, எடிட் செய்யாத வேறொரு கணினியில், அனுப்பப்போகும் அதே கோப்பை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். குரல் வாயசைவோடு பொருந்துகிறதா, கடைசிப் பெயர் வரை நன்றிப் பட்டியல் ஓடுகிறதா என்று உறுதி செய்த பிறகே அனுப்புங்கள்.