எது போனது, எது போகவில்லை?

வாடிக்கையாளர்களின் தகவல் களவு போய்விட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் சொல்வது இதுதான்: "ஒரு பாதுகாப்புச் சம்பவம் எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. தங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை." என்ன போனது, யாருடையது போனது, எப்போது போனது என்று ஒன்றும் புரியாது.

2021 மே மாதம் ஏர் இந்தியா வெளியிட்ட அறிக்கை வேறு மாதிரி இருந்தது. அன்று அது அரசு நிறுவனம். அதன் பயணிகள் விவரங்களைக் கணினியில் பராமரித்து வந்தது சீட்டா என்ற வெளி நிறுவனம். கைவரிசை நடந்தது அங்கேதான். 2011 ஆகஸ்ட் 26 முதல் 2021 பிப்ரவரி 3 வரை பதிவான தகவல்கள் சிக்கின என்றும், உலகெங்கும் சுமார் 45 லட்சம் பேர் பாதிக்கப்பட்டனர் என்றும் அறிக்கை சொன்னது. தன் டிக்கெட் அந்தக் காலத்துக்குள் வருகிறதா என்று எந்தப் பயணியும் பார்த்துக்கொள்ளலாம்.

பெயர், பிறந்த தேதி, தொடர்பு விவரம், பாஸ்போர்ட், டிக்கெட், கிரெடிட் கார்டு விவரங்கள் என்று போனவற்றையும் அது வரிசையாகச் சொன்னது. கார்டின் சிவிவி எண் சீட்டாவிடம் இருக்கவே இல்லை என்றது. இந்த வரிக்கு எடை உண்டு. "திருடப்பட்டதற்கு ஆதாரம் இல்லை" என்றால் யாரும் சரியாகத் தேடிப் பார்க்கவில்லை என்றும் பொருள்படலாம். கையில் இல்லாத எண்ணை அங்கிருந்து யாரும் எடுக்க முடியாது. மற்ற அறிக்கைகளைப் படிக்கும்போதும் இந்த வித்தியாசத்தைத் தேடிப் பாருங்கள்.

தேதிகளை ஒளிக்காததால் நிறுவனத்தின் தாமதமும் அம்பலமானது. சீட்டாவிடமிருந்து முதல் தகவல் வந்தது பிப்ரவரி 25. பாதிக்கப்பட்டவர்கள் யார் யார் என்ற விவரம் மார்ச் 25-இலும் ஏப்ரல் 5-இலும் கிடைத்தது. மார்ச்சில் இணையதளத்தில் பொதுவான ஓர் அறிவிப்பு வந்தது, உண்மைதான். ஆனால் முழு விவரமும் பயணிகளை எட்டியபோது மே மாதம் பாதி கடந்திருந்தது. பெயர்ப் பட்டியல் கைக்கு வந்த பிறகும் ஏன் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது? தேதிகளைச் சொன்ன அறிக்கை அதற்குக் காரணம் சொல்லவில்லை.

இன்னொரு குறையும் எனக்குப் படுகிறது. கடவுச்சொற்கள் பாதிக்கப்படவில்லை என்று சொன்ன அதே அறிக்கை, கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னது. முன்னெச்சரிக்கையாக அது சரிதான். ஆனால் போனது பிறந்த தேதியும் பாஸ்போர்ட் விவரமும். பிறந்த தேதியை மாற்ற முடியாது. பாஸ்போர்ட் எண் மாற வேண்டுமானால் புதிய பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். இந்த விவரங்களைச் சரியாகச் சொல்லி, "விமான நிறுவனத்திலிருந்து பேசுகிறோம்" என்று ஒருவர் அழைத்தால் பயணி எளிதில் நம்பிவிடுவார். ஆகவே, அப்படி வரும் அழைப்பில் ஓடிபி எண்ணைச் சொல்லாதீர்கள், அழைப்பைத் துண்டித்துவிட்டு டிக்கெட்டில் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள் என்ற இரண்டு வரிதான் அந்த 45 லட்சம் பேருக்கு அதைவிட அதிகம் உதவியிருக்கும்.