அடித்துவிட்ட விடை

ஒரு தொட்டிக்கு இரண்டு குழாய்கள். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் 6 மணி நேரத்தில் தொட்டி நிரம்பிவிடும். தனித்தனியாகத் திறந்தால், பெரிய குழாய் சின்னக் குழாயைவிட 5 மணி நேரம் முன்னதாக நிரப்பிவிடும். அப்படியானால் ஒவ்வொன்றும் தனியாக நிரப்ப எத்தனை மணி நேரம் ஆகும்?

பள்ளிக்கூடம் போன எவரும் இப்படி ஒரு கணக்கைச் சந்தித்திருப்பார்கள். இது பழைய சரக்குதான். 1150-ல் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதியிலேயே நான்கு ஊற்றுகள் சேர்ந்து ஒரு குளத்தை நிரப்புகின்றன. தனித்தனியே அவற்றுக்கு ஆகும் நேரம் ஒரு நாள், அரை நாள், நாளில் மூன்றில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு. நான்கும் சேர்ந்தால் நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரம் போதும்.

எப்படி? நேரத்தைக் கூட்டக் கூடாது, வேகத்தைத்தான் கூட்ட வேண்டும். ஒரு நாளில் அந்த ஊற்றுகள் முறையே 1, 2, 3, 6 குளங்களை நிரப்பும். கூட்டினால் 12. இந்தக் கணக்கில் பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

நம் தொட்டிக்கு வருவோம். சின்னக் குழாய்க்கு x மணி நேரம் என்றால், ஒரு மணி நேரத்தில் அது தொட்டியில் 1/x பங்கை நிரப்பும். பெரியது 1/(x − 5) பங்கை நிரப்பும். இரண்டும் சேர்ந்து ஆறில் ஒரு பங்கு:

1/x + 1/(x − 5) = 1/6

தெரியாத எண் பின்னத்தின் கீழே, பகுதியில் போய் உட்கார்ந்துகொண்டால் அது விகிதமுறு சமன்பாடு. இரு பக்கத்தையும் 6x(x − 5) ஆல் பெருக்கினால் பின்னங்கள் மறைந்துவிடும்:

6(x − 5) + 6x = x(x − 5)
x² − 17x + 30 = 0
(x − 15)(x − 2) = 0

x = 15 என்றால் சின்னக் குழாய்க்கு 15 மணி, பெரியதற்கு 10 மணி. தொட்டி 3,000 லிட்டர் என்று வைத்துச் சரிபார்க்கலாம். மணிக்கு 200 லிட்டரும் 300 லிட்டரும் சேர்ந்து 500 லிட்டர். 6 மணி நேரத்தில் 3,000. பொருந்துகிறது.

கணக்குப் போடாமலேயே விடையை எடைபோட இன்னொரு வழியும் உண்டு. இரண்டு குழாயும் ஒரே வேகம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 12 மணி ஆகும். வேகம் வேறுபட்டால் ஒன்று 12-க்குக் கீழே வர வேண்டும், மற்றது மேலே போக வேண்டும். அதே நேரம், வேகமான குழாய்கூட 6 மணிக்குள் நிரப்பிவிட முடியாது. 10, 15 இரண்டும் இந்த வரம்புக்குள் அடங்குகின்றன.

மிச்சமிருப்பது x = 2. அப்போது x − 5 = −3. நேரம் எதிர்மறையாக இருக்க முடியாது என்று வகுப்பில் அதை அடித்துவிடுவோம். ஆனால் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 1/2 − 1/3 = 1/6. அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது! இது தவறான விடை அல்ல, வேறொரு தொட்டிக்கான விடை. ஒரு குழாய் 2 மணி நேரத்தில் நிரப்பும்; இன்னொன்று முழுத் தொட்டியை 3 மணி நேரத்தில் காலி செய்யும். மணிக்கு 1,500 லிட்டர் உள்ளே, 1,000 லிட்டர் வெளியே. நிகரமாகச் சேர்வது அதே 500 லிட்டர். கழித்தல் குறி சொல்வது, நீர் எதிர்த் திசையில் போகிறது என்பதைத்தான். இரண்டு குழாயும் நிரப்புபவை என்பது சமன்பாட்டுக்குத் தெரியாது. அதைச் சொல்வது கேள்வி. எனவே எந்த விடை நிற்கும் என்பதையும் கேள்வியே முடிவு செய்கிறது.

இந்த இரண்டாவது தொட்டி வீட்டு மாடியிலேயே இருக்கலாம். வழக்கமாக 2 மணி நேரத்தில் நிரம்பும் தொட்டிக்கு 6 மணி நேரம் பிடிக்கிறது, மோட்டாரில் கோளாறு இல்லை, யாரும் தண்ணீர் எடுக்கவும் இல்லை என்றால், 1/2 − 1/6 = 1/3. மணிக்கு மூன்றில் ஒரு பங்குத் தொட்டி எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இந்த 1/3 ஒரு சராசரிதான். ஓட்டைக்கு மேலே நிற்கும் நீரின் உயரம் கூடக்கூட ஒழுக்கின் வேகமும் கூடும். உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்காகும் என்பது 1644-ல் இத்தாலியின் டாரிசெல்லி வெளியிட்ட விதி. கீழே ஓட்டை உள்ள தொட்டி முதலில் விறுவிறுவென ஏறி, மேலே போகப்போகத் திணறுவது இதனால்தான். ஒழுக்கு பெரிதாக இருந்தால், தொட்டி நிரம்பாமலேயே ஒரு மட்டத்தில் நின்றுவிடவும் கூடும். சீரான வேகம் என்ற நிபந்தனை உடையும் அந்த இடத்தில் நம் சமன்பாடு செல்லாது.