பெற்றோரும் மாணவரும்: விளம்பரத்தின் ஊடகமும் தொனியும்

பயன்பெறுபவர் ஒருவராகவும் பணம் செலுத்துபவர் மற்றொருவராகவும் இருக்குமிடத்து, விளம்பரம் செய்வோர் இருவரோடும் பேசவேண்டியவராகின்றனர். க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் மாணவருக்கென யாழ்ப்பாணத்துக் கணினிக் கற்கை நிலையமொன்று ஆறுமாதப் பயிற்சியைத் தொடங்குகின்றதெனக் கொள்வோம். வகுப்பில் அமர்ந்திருப்பவர் மாணவர். கட்டணத்தைச் செலுத்துபவரோ தந்தை, தாய், சில குடும்பங்களில் வெளிநாட்டிலுள்ள தமையன்.

பெற்றோரை அடைவதற்கு முகநூலும் வட்ஸ்அப்பும் ஏற்றவை. பத்திரிகையையும் முற்றாகத் தள்ளிவிடுதல் தகாது. கட்டணம் எவ்வளவு, தவணையாகச் செலுத்தலாமா, வகுப்பு எத்தனை மணிக்கு முடியும், சான்றிதழை வழங்குவது யார் என்பனவே அவர்களது வினாக்கள். ஆதலின் அறிவித்தல் “தங்கள் பிள்ளை” என மரியாதையுடன் தொடங்கி, இவ்விவரங்களை முழு வாக்கியங்களிற் கூறி, பேசக்கூடிய தொலைபேசி இலக்கத்துடன் முடிதல் வேண்டும். வட்ஸ்அப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. நிலையத்தின் இலக்கத்தைத் தம் கைப்பேசியிற் சேமித்து வைக்காதவருக்கு அந்நிலையத்தின் ‘ஸ்ரேற்றஸ்’ தோன்றாது. எனவே விசாரிக்க வரும் பெற்றோரிடம் இலக்கத்தைச் சேமிக்கும்படி அப்போதே கேட்டுக்கொள்ளல் நன்று.

மாணவருக்கு இன்ஸ்ரகிராமும் ரிக்ரொக்கும் பொருந்துவன. அங்கே முதற் சில விநாடிகளில் எதனைக் காண்கின்றார் என்பதே முக்கியம். நிலையத்தின் முகப்பையும் பணிப்பாளரின் உரையையும் காட்டுவதினும், முன்னைய மாணவி ஒருத்தி தானே உருவாக்கிய செயலியை இயக்கிக் காட்டும் அரைநிமிடக் காணொளி மேலானது. “நீங்கள்” என நேரே விளித்துச் சிறு வாக்கியங்களிற் பேசலாம். ஆயின் “மச்சான்” என அழைக்கும் விளம்பரம் இளைஞரின் குரலாக ஒலிப்பதில்லை. இளைஞரைப்போல் நடிக்கும் முதியவரின் குரலாகவே ஒலிக்கும்.

தொனி வேறுபடலாம், செய்தி வேறுபடலாகாது. மாணவருக்குரிய காணொளியிற் “கட்டுப்பாடுகள் இல்லை” என்றும், பெற்றோருக்குரிய அறிவித்தலில் “வரவு நாள்தோறும் அறிவிக்கப்படும்” என்றும் கூறின், இரண்டும் ஒரே வீட்டில் ஒரே மாலையிற் சந்திக்கும். மகன் திரைப்படமெடுத்துத் தாய்க்கு அனுப்பிய மறுகணமே இரண்டும் ஐயத்துக்குரியனவாகிவிடும். கட்டணம், நேரம், சான்றிதழ் ஆகிய மூன்றும் ஈரிடத்தும் ஒன்றாயிருத்தல் வேண்டும். வரவை அறிவிப்பது நிலையத்தின் வழக்கமாயின் அதனை மாணவரிடமும் மறைக்கலாகாது.

தவறு எப்பக்கத்தில் நேர்ந்தது என்பதை அறிய, விசாரிக்கும் ஒவ்வொருவரிடமும் எங்கே கண்டார் எனக் கேட்டுக் குறித்துவைத்தல் போதும். மாணவர் பலர் விசாரித்தும் கட்டணம் செலுத்தியோர் சிலராயின், பெற்றோருக்கான அறிவித்தலில் ஏதோ விடுபட்டுள்ளது. பெரும்பாலும் அது தவணை பற்றிய செய்தியாயிருக்கும். மாறாக, கட்டணம் செலுத்தப்பட்டும் மூன்றாம் வாரத்தில் இருக்கைகள் வெறுமையானால், பெற்றோரை இணங்கச் செய்த நிலையம் மாணவரை இணங்கச் செய்யவில்லை என்பது பெறப்படும்.